த்யுவா வூவா, தூவா உஸ்தெத்தா: பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் மரியாதை தவறாமல் பேச ஒரு வழிகாட்டி

பிரெஞ்சு வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: 'த்யு' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். ஸ்பானிய வகுப்பில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இங்கே விழிப்பார்கள். நமக்கு நீயும் நீங்களும் பால்குடி வயதிலிருந்தே பழக்கம் என்பதால், சட்டென்று தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். பிறகு லியோனிலோ மத்ரீதிலோ போய் இறங்கியதும், நல்ல மரியாதையோடு பேசியும் எதிரில் இருப்பவர் முகம் ஏன் சுருங்குகிறது என்று தெரியாமல் திண்டாடுகிறோம்.

காரணம் இதுதான். தமிழில் நீ, நீங்கள் இரண்டும் பெரும்பாலும் ஏணிபோல வேலை செய்கின்றன. வயதில் மூத்தவர் நம்மை நீ என்பார், நாம் அவரை நீங்கள் என்போம். இருவருக்கும் அதில் உறுத்தல் கிடையாது. இன்றைய பிரான்சில் வளர்ந்தவர்கள் இருவர் பேசிக்கொள்ளும்போது அந்த ஏணி இல்லை. இருவரும் ஒருவரையொருவர் த்யு என்பார்கள், அல்லது இருவரும் வூ என்பார்கள். அங்கே பார்ப்பது நெருக்கத்தையும் விலகலையும். வயதும் பதவியும் அந்த நெருக்கம் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதைத் தீர்மானிக்கின்றனவே தவிர, ஒருவர் மேலிருந்தும் மற்றவர் கீழிருந்தும் பேச இடம் கொடுப்பதில்லை.

இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் இதிலிருந்தே வரும். அறுபது வயது சக ஊழியர் உங்களை த்யு என்று அழைத்த பிறகும் நீங்கள் பணிவாக வூ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அவர் காதில் பணிவு விழாது. 'உன்னோடு ஒட்ட விருப்பமில்லை' என்று விழும், அல்லது தன்னைக் கிழவராக்குகிறீர்கள் என்று விழும். மறுபக்கமும் உண்டு. ரொட்டிக் கடையில் நிற்கும் இருபது வயதுப் பெண்ணை, வயதில் சின்னவள்தானே என்று த்யு போட்டுப் பேசினால், அவமதித்துவிட்டீர்கள் என்றே பொருள். நம் ஊரில் கடைப் பையனை "தம்பி, ஒரு டீ போடு" என்பது பிரியமாகக்கூட இருக்கலாம். பிரான்சில் பரிசாரகர், துப்புரவுப் பணியாளர், பேருந்து ஓட்டுநர் எல்லோரும் வூதான். நாம் அதிகமாகச் சறுக்குவது பெரியவர்களிடம் இல்லை, இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

முதல் படி: வாயில் இரண்டு வரிசையும் தயாராக இருக்கட்டும்

யாரிடம் எது என்பது தெரிந்திருந்தும், வாயில் வருவது ஒன்றுதான் என்றால் பயனில்லை. பாரிஸில் உணவகச் சமையலறைகளில் வேலை செய்து, காதால் கேட்டே பிரெஞ்சு கற்ற தமிழர்கள் பலர். சமையலறையில் பொதுவாக எல்லோரும் த்யுதான். அதனால் அவர்கள் வாயில் த்யு வடிவங்கள் மட்டுமே சரளமாக வரும். வதிவிட அட்டைக்காகப் பிரெஃபெக்ச்சூர் அலுவலகத்தில் நிற்கும்போதும் அதுவே வந்துவிடும். வகுப்பில் படித்து வந்தவர்களுக்கு நேர் எதிர்ச் சிக்கல்: வூ மட்டும்தான் வரும், நண்பர்கள் கூட்டத்திலும் அலுவலக மொழியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே தினமும் பயன்படும் பத்துப் பதினைந்து வாக்கியங்களை இரண்டு வடிவத்திலும் சொல்லிப் பழகுங்கள். 'தயவுசெய்து' என்பதே இரண்டாகப் பிரிகிறது: வூ என்பவரிடம் 'சில் வூ ப்லே', த்யு என்பவரிடம் 'சில் த ப்லே'. 'உங்களால் முடியுமா' என்பதற்கு 'வூ பூவே', 'உன்னால் முடியுமா' என்பதற்கு 'த்யு பெ'. 'உங்களுக்கு எப்படி' என்று திருப்பிக் கேட்க 'எ வூ?', 'உனக்கு?' என்றால் 'எ த்வா?'. த்யுவை உச்சரிக்க உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்ல முயலுங்கள், ஒலி சரியாக வரும்.

ஸ்பானியத்தில் இன்னும் கவனம் தேவை. அங்கே பெரும்பாலும் தூ, உஸ்தெத் என்ற சொற்களே வாக்கியத்தில் வராது. வினைச்சொல்லின் வால்தான் காட்டிக்கொடுக்கும். 'கோமோ எஸ்தாஸ்?' என்றால் எப்படி இருக்கிறாய், 'கோமோ எஸ்தா?' என்றால் எப்படி இருக்கிறீர்கள். கடைசி 'ஸ்' ஒன்றுதான் வித்தியாசம். உஸ்தெத் என்பது 'தங்கள் அருள்' என்ற பொருளுள்ள பழைய விளிச்சொற்றொடர் தேய்ந்து வந்தது. எதிரில் இருப்பவரை நேராகச் சுட்டாமல் அவருடைய அருளைச் சுட்டிப் பேசுவதால், 'அவர்' என்பதற்குரிய வினைமுற்றே இதற்கும் வரும். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதும் 'கோமோ எஸ்தா?'தான். இது விளங்கிவிட்டால் வினைத்திரிபை மனப்பாடம் செய்யும் பாரம் பாதி குறையும்.

இரண்டாம் படி: தெரியாத இடத்தில் வூ, பிறகு காது

பிரான்சில் வளர்ந்தவர் எவரை முதன்முறை சந்தித்தாலும் வூவில் தொடங்குங்கள். மருத்துவர், வீட்டுக்காரர், பக்கத்து வீட்டார், பிள்ளையின் ஆசிரியர், அரசு அலுவலர், கடைக்காரர், தொலைபேசியில் பேசும் எவரும் இதில் அடக்கம். போலீஸ்காரருக்கு நீங்கள் வூ என்பது மட்டுமில்லை, அவரும் உங்களை வூ என்றே அழைக்கவேண்டும். 2014இல் நடைமுறைக்கு வந்த காவல்துறை நடத்தை விதித்தொகுப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. சட்டத்தில் எழுதிவைக்கும் அளவுக்கு ஒரு பிரதிப்பெயர் அங்கே எடை கொண்டது.

தொடக்கத்திலேயே த்யு புழங்கும் இடங்களும் உண்டு. மாணவர்கள் தமக்குள், விளையாட்டுக் கழகத்தில், நண்பர் வீட்டு விருந்தில் ஏறக்குறைய ஒத்த வயதினர், குடும்பத்தினர், சின்னப் பிள்ளைகள் ஆகியோரிடம் வூ சொன்னால் விறைப்பாக ஒலிக்கும். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நமக்குப் பழக்கமான ஏணி கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பெரியவர் பிள்ளையை த்யு என்பார், பிள்ளை அந்நியப் பெரியவரை வூ என்று சொல்லக் கற்றுக்கொள்ளும். 2018 ஜூன் 18 அன்று மோன் வலேரியன் நினைவிடத்தில் ஒரு பதின்பருவ மாணவன் அதிபர் மக்ரோனை "சா வா, மன்யு?" என்று செல்லப்பெயரில் விசாரித்தான். 'மெஸ்யே' என்றோ 'குடியரசுத் தலைவர் அவர்களே' என்றோ அழைக்கவேண்டும் என்று மக்ரோன் அங்கேயே கண்டித்தார். அந்தக் காணொளியைக் கேட்டால் ஒன்று தெரியும். கண்டிக்கும்போது அவர் மாணவனை த்யு என்றே பேசுகிறார். அவன் சிறுவன் என்பதால் அது ஒப்பப்பட்டது. அதே தொனியில் முப்பது வயதுக்காரரிடம் பேசியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

தொடங்கிய பிறகு உங்கள் வேலை கேட்பது. எதிரில் இருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்லுங்கள். அவர் வூ என்றால் வூ, த்யுவுக்கு மாறினால் நீங்களும் அடுத்த வாக்கியத்திலேயே த்யு. பெரியவரை நீ என்பதுபோல் நாக்கு கூசும். கூசினாலும் மாறவேண்டும், அதுதான் அங்கே மரியாதை.

மூன்றாம் படி: மாறுவதை யார் தொடங்குவது

வயதில் மூத்தவர், பதவியில் உயர்ந்தவர், அந்த இடத்தில் முன்பிருந்தே இருப்பவர். பழைய வழக்கப்படி ஆணும் பெண்ணும் சமநிலையில் இருந்தால் பெண். புதிதாக வந்தவர் மேலதிகாரியிடம் இதை முன்மொழியக்கூடாது. ஒத்த நிலையில் இருக்கும் சக ஊழியரிடம் சில நாள் பழகிய பிறகு நீங்களே கேட்கலாம்: 'ஒன் ச த்யுத்வா?' அதாவது, நாம் நீ என்றே பேசிக்கொள்ளலாமா? யாராவது உங்களிடம் கேட்டால் 'வி, அவெக் ப்லெசிர்' என்று சொல்லி உடனே மாறிவிடுங்கள். மறுப்பது கையை நீட்டியவரிடம் கை கொடுக்காததற்குச் சமம்.

ஒருமுறை த்யுவுக்குப் போனால் வூவுக்குத் திரும்ப வழியில்லை. திரும்பினால் சண்டை என்று அர்த்தம். அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். வூவில் ஒரு மாதம் கூடுதலாக இருந்தாலும் யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

வாழ்க்கைத் துணையின் பெற்றோரிடம் இது கொஞ்சம் மென்மையான விஷயம். பலர் சம்பந்தமான சில நாளிலேயே 'த்யு சொல்' என்றுவிடுவார்கள், சில குடும்பங்களில் ஆண்டுக்கணக்காக வூதான் நீடிக்கும். அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். வூ நீடிப்பதைப் பிரியமின்மையாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். முன்னாள் அதிபர் ழாக் சிராக்கும் அவர் மனைவி பெர்னதெத்தும் வாழ்நாள் முழுக்க ஒருவரையொருவர் வூ என்றே அழைத்தவர்கள். பழைய மேல்தட்டுக் குடும்பங்களில் அது இன்னும் இருக்கிறது.

ஒரு நாளை முழுதாகப் பார்ப்போம்

லியோனில் ஒரு அலுவலகத்தில் திங்கட்கிழமை வேலைக்குச் சேருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய வாரம் மனிதவள அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதினீர்கள். 'போன்ஜூர் மதாம்' என்று தொடங்கி, முழுக்க வூ. அவர் பதிலில் உங்கள் முதல் பெயரைப் போட்டிருந்தார், ஆனால் வினைகள் எல்லாம் வூ வடிவம். இங்கே பலர் ஏமாறுவார்கள். முதல் பெயரைச் சொல்லி அழைப்பதும் த்யு சொல்வதும் ஒன்றில்லை. முதல் பெயரோடு வூ சேர்வது அலுவலகங்களில் சாதாரணம். ஆகவே நீங்களும் வூவிலேயே தொடருங்கள்.

திங்கள் காலை வரவேற்பாளரிடம் 'போன்ஜூர் மதாம்', வூ. இந்த போன்ஜூரை விட்டுவிட்டு நேரே கேள்விக்குப் போனால், எத்தனை வூ போட்டாலும் மரியாதை சேராது. மேலே போனதும் ஐம்பத்தைந்து வயது மேலாளர் கை கொடுத்துக் கேட்கிறார்: "த்யு ஆ த்ருவே ஃபசில்மான்?" சுலபமாகக் கண்டுபிடித்தாயா? த்யு விழுந்துவிட்டது. "வி, மெர்சி. எ த்வா, சா வா?" என்று பதில் சொல்லுங்கள். இந்தச் சின்ன 'எ த்வா' போதும், மாற்றத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பதினொரு மணிக்குக் கணக்குப் பிரிவில் ஒருவர் உங்கள் வங்கி விவரம் கேட்கிறார், வூவில். மேலாளரே த்யு சொல்லிவிட்டாரே என்று இவரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் கணக்கு தனித்தனி. கூட்டத்தில் ஆறு பேர் இருக்கும்போது கவலையே இல்லை, பலரைச் சேர்த்து அழைக்க எப்போதும் வூதான். மதிய உணவில் இயக்குநர் உங்கள் மேசையில் வந்து உட்காருகிறார். மற்றவர்கள் அவரை த்யு என்கிறார்கள், உங்களிடம் அவர் இன்னும் எதுவும் பேசவில்லை. இந்த மாதிரி நேரத்துக்கு இரண்டையும் தவிர்க்கும் வாக்கியங்கள் பிரெஞ்சில் உண்டு, பிரெஞ்சுக்காரர்களே தாராளமாகப் பயன்படுத்துவார்கள். 'சா வா?' என்பதில் பிரதிப்பெயரே கிடையாது. 'நாம்' என்ற பொருளில் வரும் 'ஒன்' இன்னும் வசதி: 'ஒன் கோமான்ஸ் ஆ கெல் எர்?' (எத்தனை மணிக்குத் தொடங்குகிறோம்?) என்று கேட்டால் நீயும் இல்லை நீங்களும் இல்லை. அவர் வாயைத் திறந்து ஒரு வினைச்சொல் சொல்லும்வரை இதில் ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்டினால் மழுப்புகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

மாலையில் வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். அவருக்கு வூ. காலையில் த்யு சொன்ன மேலாளர் அவர் எதிரில் உங்களை வூ என்று அழைத்தால் திடுக்கிட வேண்டாம், சிலர் வெளியாள் முன்னால் அப்படி மாறுவார்கள், வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது த்யு வந்துவிடும். கிளம்பும் நேரத்தில் தரை துடைக்க வருபவரிடம் 'போன் சுவாரே, மதாம்'. அவரும் வூதான்.

நடுவில் நாக்கு தவறி வூவுக்கு பதில் த்யு வந்துவிட்டால், 'பார்தோன்' என்று ஒரு சொல் சொல்லி அதே வாக்கியத்தைச் சரியான வடிவில் திருப்பிச் சொல்லுங்கள். நீளமான மன்னிப்பு வேண்டாம். த்யு சொல்ல வராமல் கூசுகிறது என்றால் 'ஜே த்யு மால் ஆ த்யுத்வாயே' என்று நேராகச் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர்களே சொல்லும் வாக்கியம் அது.

ஸ்பெயினில் கணக்கு வேறு

பிரான்சில் பழகியதை அப்படியே எல்லை தாண்டி எடுத்துப்போனால், ஸ்பெயினில் விறைத்த ஆளாகத் தெரிவீர்கள். 1975இல் ஃபிராங்கோ இறந்து சர்வாதிகாரம் முடிந்த பிறகு அங்கே தூ வேகமாகப் பரவியது. இன்று அலுவலகத்தில் முதல் நாளே தூ, பல்கலைக்கழகத்தில் பேராசிரியரிடமும் பெரும்பாலும் தூ, கடையில் இளவயது ஊழியரோடு தூ. உஸ்தெத்துக்கு மிஞ்சியிருப்பது அறிமுகமில்லாத முதியவர், போலீஸ், நீதிமன்றம், அரசு அலுவலகம், முறையான கடிதம் போன்ற இடங்கள்.

கேட்டுத் திருப்பிச் சொல்வது என்ற அதே உத்திதான் இங்கும், கேட்கவேண்டிய ஒலி மட்டும் சின்னது. மத்ரீதில் ஒரு காப்பிக் கடை முகப்பில் போய் நில்லுங்கள். உள்ளே நிற்பவர் 'கே தெ போங்கோ?' என்று கேட்டால் உங்களுக்குத் தூ போட்டுவிட்டார். 'கே லெ போங்கோ?' என்றால் உஸ்தெத். என்ன தரட்டும் என்ற கேள்வியில் 'தெ'யா 'லெ'யா என்ற ஓர் அசையில்தான் எல்லாம் இருக்கிறது. தெ கேட்டால் 'மெ போனெஸ் உன் கஃபே?', லெ கேட்டால் 'மெ போனெ உன் கஃபே?'. எழுபது வயதுக்காரர் கடை நடத்தினால் நீங்களே உஸ்தெத்தில் தொடங்குவது அழகு. 'தெ தூ, போர் ஃபவோர்' என்று அவர் சொன்னால் மாறிவிடுங்கள். ஐம்பதை ஒட்டிய பெண்களிடம் உஸ்தெத் போட்டால், வயதாக்கிவிட்டாயே என்று சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்பீர்கள். சிரிப்பாக இருந்தாலும் அது திருத்தம்தான்.

செய்யக்கூடாதது கலப்பது. வினையில் உஸ்தெத்தும் 'உன்' என்ற சொல்லில் தூவும் வந்தால் கேட்பவருக்கு எது நோக்கம் என்று புரியாது. உஸ்தெத் என்றால் உங்கள் பை 'சு' பை, தூ என்றால் 'து' பை. ஒன்றைத் தொடங்கினால் உரையாடல் முடியும்வரை அதிலேயே இருங்கள்.

அட்லாண்டிக் தாண்டினால்

லத்தீன் அமெரிக்காவில் பாதுகாப்பான தொடக்கம் உஸ்தெத். மெக்சிகோவில் பெரியவர்கள், மாமனார் மாமியார், முன்பின் தெரியாதவர்கள் எல்லோருக்கும் அது பொருந்தும். மூத்தவரை 'தோன்', 'தோன்யா' என்ற அடைமொழியோடு முதல் பெயர் சேர்த்து அழைத்து உஸ்தெத் போடுவது அங்கே இதமாக ஒலிக்கும். தமிழர் மனத்துக்கு ஸ்பெயினைவிட மெக்சிகோ நெருக்கமாகப் படும் என்று நினைக்கிறேன்.

பலரும் குழம்புவது கொலம்பியாவிலும் கோஸ்தா ரிகாவிலும். பொகோத்தாவிலும் அதைச் சுற்றியுள்ள மலைப்பகுதிகளிலும் நெருங்கிய நண்பர்கள், கணவன் மனைவி, அண்ணன் தம்பிகூட ஒருவரையொருவர் உஸ்தெத் என்பார்கள். கோஸ்தா ரிகாவில் தாய் தன் குழந்தையிடமும், வீட்டு நாயிடமும் உஸ்தெத்தில் பேசுவதைக் கேட்கலாம். ஆகவே உங்கள் நண்பர் திடீரென உஸ்தெத் போட்டால் கோபமாக இருக்கிறாரோ என்று பதறவேண்டாம். இரண்டு நாள் அந்த வீட்டில் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்துவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் தூவின் இடத்தில் 'வோஸ்' இருக்கிறது, வினைகளும் சற்று மாறும். நீங்கள் தூ போட்டாலும் புரிந்துகொள்வார்கள். உஸ்தெத் அங்கேயும் உஸ்தெத்தான். பலரைச் சேர்த்து அழைக்கும்போது லத்தீன் அமெரிக்கா முழுக்க 'உஸ்தெதெஸ்' ஒன்றே போதும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் மட்டும் நண்பர் கூட்டத்துக்கு 'வோசோத்ரோஸ்' என்று தனிச்சொல் உண்டு.

வீட்டுக்குள் ஒரு விஷயம்

பிள்ளைகளோடு பிரான்சில் குடியேறும் பெற்றோருக்கு இது. உங்கள் மகன் மழலையர் பள்ளியில் ஆசிரியையை த்யு என்பான். அந்த வயதில் அது அனுமதிக்கப்பட்டது, பிறகு வூவைப் பள்ளியே கற்றுக்கொடுக்கும். அவனுடைய பிரெஞ்சுத் தோழன் வீட்டுக்கு வந்து உங்களையே த்யு என்றால் அதில் திமிர் எதுவும் இல்லை. அந்த நாட்டில் பிள்ளைகள் தம் பெற்றோரை, தாத்தா பாட்டியை எல்லாம் த்யு என்றுதான் அழைக்கிறார்கள். உங்கள் மகனும் பிரெஞ்சில் உங்களை அப்படியே அழைப்பான். தமிழில் நீங்கள், பிரெஞ்சில் த்யு என்று ஒரே வாயில் இரண்டும் வரும். திருத்தாதீர்கள். பிரெஞ்சில் அம்மாவை வூ என்று அழைக்கவைத்தால், பள்ளி வாசலில் அதைக் கேட்கும் மற்ற பிள்ளைகள் அவனை விநோதமாகப் பார்ப்பார்கள். ஆசிரியையிடம் நீங்கள் பேசும்போது மட்டும், மகன் பக்கத்தில் நின்று அவரை த்யு என்று அழைத்துக்கொண்டிருந்தாலும், உங்களுக்கு வூதான்.